ஏப்ரல் மாதச் சம்பளத்தைக் காட்டி நான்கு இலட்சம் கேட்டேன்

கேள்வி: ஐயா, நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் ரிசெப்ஷனில் ஐந்து வருடமாக நிரந்தர வேலையில் இருக்கிறேன். வீடு நானுஓயா பக்கம். அடிப்படைச் சம்பளம் 75,000 ரூபா, சர்விஸ் சார்ஜ் தனியாகக் கிடைக்கும். என் கடனட்டையின் எல்லை ஒரு இலட்சம். அதை நான்கு இலட்சமாகக் கூட்டித் தரும்படி மே மாதம் வங்கிக்குக் கடிதம் கொடுத்தேன். ஏப்ரல் மாதச் சம்பளச் சிட்டையையும் இணைத்தேன். அந்த மாதம் கைக்கு 133,000 வந்தது. "தற்போது பரிசீலிக்க இயலாது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கு 14,500 போகிறது. நண்பர் ஒருவருடைய கடனுக்குப் பிணை நின்றிருக்கிறேன், ஆனால் அது என் கடன் இல்லையே. அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குக் கண்டியில் இரண்டு இலட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். கடிதத்தை எப்படி எழுதினால் கொடுப்பார்கள்?
– நானுஓயா வாசகர்

பதில்: தம்பி, கடிதத்தின் வசனங்களால் உங்கள் விண்ணப்பம் நின்றிருக்காது. வங்கியின் அட்டைப் பிரிவில் இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே உட்கார்ந்திருப்பவர் கடிதத்தை அரை நிமிடத்தில் வாசித்துவிட்டு, கீழே குத்தியிருக்கும் தாள்களுக்குப் போய்விடுவார். அந்தத் தாள்களில் அவர் தேடுவது, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் நிச்சயம் வரக்கூடிய வருமானம் எவ்வளவு என்பதைத்தான். நீங்கள் கொடுத்ததோ ஏப்ரல் மாதச் சிட்டை. ஏப்ரலில் நுவரெலியா எப்படி இருக்கும் என்று கொழும்பில் இருப்பவருக்கும் தெரியும்.

அந்த ஒரு சிட்டையை அவர் எப்படி வாசித்திருப்பார் என்று பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 75,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், அதாவது 6,000 கழிந்திருக்கிறது. மிச்சம் 69,000. இது உறுதியான பணம். சேமலாப நிதிக் கழிவு சரியாக 6,000 என்று இருப்பதே அடிப்படைச் சம்பளம் உண்மையில் 75,000தான் என்பதற்கு ஒரு சாட்சி. சிலர் கொண்டுவரும் சிட்டையில் அடிப்படை ஒரு தொகையாகவும், கழிவு அதைவிடக் குறைந்த ஒரு தொகைக்குக் கணக்கிட்டதாகவும் இருக்கும். அதைக் கண்டதும் அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுப்பார். உங்கள் சிட்டையில் அந்தப் பிரச்சினை இல்லை. அதற்குக் கீழே சர்விஸ் சார்ஜ் 64,000 என்று இருந்திருக்கும். ஒரு மாதத்துக்கான ஆதாரம் மட்டும் இருக்கும்போது, ஏறி இறங்கும் வருமானத்தைப் பெரும்பாலானவர்கள் பூச்சியமாகத்தான் எடுப்பார்கள். 133,000 காட்டியதாக நீங்கள் நினைத்தீர்கள், அவர் கணக்கில் எடுத்ததோ 69,000. அதற்கு நான்கு இலட்சம் என்பது கிட்டத்தட்ட ஆறு மாதச் சம்பளம்.

ஆகவே இந்த முறை ஆறு மாதச் சிட்டைகளையும் கொடுங்கள், நல்ல மாதம் கெட்ட மாதம் என்று பொறுக்காமல். உங்கள் ஜனவரி முதல் ஜூன் வரையான சர்விஸ் சார்ஜ் எனக்குத் தெரியாது. உங்களைப் போன்ற ஒரு ஊழியருக்கு வரக்கூடிய தொகைகளை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் உண்மையான தொகைகளை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். ஜனவரி 32,000, பெப்ரவரி 28,000, மார்ச் 30,000, ஏப்ரல் 64,000, மே 26,000, மழைக்கால ஜூன் 18,000. மொத்தம் 198,000, மாதச் சராசரி 33,000. ஜூன் மாதச் சிட்டையைக் கொடுக்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் அந்த 18,000தான் உங்களுக்கு உதவும் தொகை. சீசன் முடிந்து மழை கொட்டும் மாதத்திலும் ஏதோ ஒன்று வந்தே தீர்கிறது என்பதை அது காட்டுகிறது. அது இல்லாவிட்டால் ஏப்ரல் வெறும் அதிர்ஷ்டமாகத்தான் தெரியும்.

சராசரி 33,000 என்றாலும் முழுவதையும் வங்கி எடுத்துக்கொள்ளாது. பாதியை மட்டும் சேர்ப்பது பரவலான வழக்கம், சில இடங்களில் மிகக் குறைந்த மாதத்தையே எடுப்பார்கள். பாதி என்றால் 16,500. உறுதியான 69,000 உடன் சேர்த்தால் 85,500. இதுதான் வங்கியின் பார்வையில் உங்கள் மாத வருமானம்.

இனி இந்த 85,500ஐ இரண்டு வழியில் உரசிப் பார்ப்பார்கள். முதலாவது, மாதாமாதம் கடன்களுக்குப் போகும் தொகை. வருமானத்தில் 40 வீதத்துக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று ஒரு வங்கி வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். வங்கிக்கு வங்கி இந்த வீதம் மாறும். 85,500இன் 40 வீதம் 34,200. அதில் லீசிங் 14,500 போனால் மிச்சம் 19,700. கடனட்டைக்கு முழு எல்லையையும் நீங்கள் செலவழித்துவிட்டதாக வைத்து, அதில் 5 வீதத்தை மாதத் தவணை போலக் கணக்கிடுவார்கள். நான்கு இலட்சத்துக்கு அது 20,000. முந்நூறு ரூபாவால் தட்டிப்போகிறது. இரண்டாவது, எல்லை மாத வருமானத்தின் எத்தனை மடங்கு என்பது. மூன்று மடங்கு வரை போகும் வங்கி என்றால் 256,500. இரண்டு கணக்கில் எது சிறியதோ அதுதான் நடக்கும். எனவே நீங்கள் கேட்க வேண்டிய தொகை 250,000. அம்மாவின் தேவையும் அதற்குள் அடங்குகிறதே. "நான்கு கேட்டால் இரண்டாவது கொடுப்பார்கள்" என்று பேரம் பேசுவது சந்தையில் சரி. இங்கே கணக்குக்கு மிஞ்சிய தொகையைக் கேட்டால், குறைத்துக் கொடுக்கச் சிரமப்படாமல் முழுவதையும் நிராகரித்துவிடுவதும் உண்டு.

இதுவரை நான் விட்டுவைத்த விடயம் உங்கள் பிணைக் கையெழுத்து. கடிதத்தை எழுதுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் மலைநாட்டில் பிணை நிற்பது மரியாதைக்குரிய காரியம். கூட வேலை செய்பவர் கேட்டால் மறுக்க முடியாது, மறுத்தால் முகத்தில் முழிக்க முடியாது. அதெல்லாம் சரி. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தின் கீழ் அந்தக் கடனும் பதிவாகிவிடுகிறது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம், நாம் எல்லோரும் கிரிப் என்று சொல்வது, உங்கள் சொந்தக் கடன்களை ஒரு பக்கத்திலும் நீங்கள் பிணை நின்ற கடன்களை இன்னொரு பக்கத்திலும் காட்டும். நண்பர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தால் அநேகமான அதிகாரிகள் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அவர் இரண்டு மூன்று மாதம் பிந்தியிருந்தால் கதை வேறு. அந்தத் தவணையை நாளைக்கு நீங்கள் கட்ட வேண்டி வரும் என்று கருதி, அதையும் உங்கள் சுமையில் சேர்ப்பார்கள். அவருடைய தவணை 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 19,700இல் அதைக் கழித்தால் மிஞ்சுவது 1,700. அந்த நிலையில் உங்களுக்கு இப்போதிருக்கும் ஒரு இலட்ச எல்லையே அதிகம். மே மாதம் வந்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் இது இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆகவே முதலில் உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். சிறு கட்டணம் செலுத்தி உங்கள் வங்கிக் கிளை ஊடாகவோ இணையம் மூலமோ எடுக்கலாம். பிணையாளி என்ற பகுதிக்குப் போய், நண்பரின் கடனில் மிச்சம் எவ்வளவு, பிந்திய நாட்கள் ஏதாவது காட்டுகிறதா என்று பாருங்கள். பிந்தியிருந்தால் அவரிடம் பேசி நிலுவையைக் கட்ட வைப்பதற்கு முன் எந்தக் கடிதமும் எழுத வேண்டாம். கட்டிய பிறகும் அறிக்கையில் மாற்றம் தெரியச் சில வாரம் எடுக்கலாம், ஏனென்றால் தகவலைக் கொடுப்பது கடன் கொடுத்த நிறுவனம், பணியகம் அதைப் பதிந்து வைப்பது மட்டும்தான். அவர் கடனையே முடித்துவிட்டும் உங்கள் பெயரில் இன்னும் காட்டுகிறது என்றால், கடன் கொடுத்த நிறுவனத்திடம் முடிவுக் கடிதம் வாங்கி, திருத்தச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதியை விண்ணப்பத்துடன் வைத்தால் அதிகாரிக்கும் வேலை சுலபம். "அவன் கிரிப்ல போட்டுட்டான்" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். கிரிப் யாருக்கும் கடன் கொடுக்காதே என்று வங்கிக்குச் சொல்வதில்லை. அறிக்கையை வாசித்துத் தீர்மானிப்பது அந்தந்த வங்கிதான்.

அதே அறிக்கையில், உங்களைப் பற்றி எந்தெந்த நிறுவனம் எப்போது விசாரித்தது என்பதும் இருக்கும். மே மாதப் பதிலுக்குப் பிறகு வேறு இரண்டு வங்கிகளில் புது அட்டைக்கு விண்ணப்பித்திருந்தால் அதுவும் தெரியும். ஒரே மாதத்தில் மூன்று இடத்தில் கேட்டவர் என்றால், அவசரமாகப் பணம் தேடுகிறார் என்றுதான் வாசிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்தது குறைந்தபட்சத் தொகை. தவறாமல் கட்டுகிறீர்கள், அதனால் பிந்தியவர் என்ற பெயர் இல்லை. ஆனால் வங்கி பார்ப்பது அதை மட்டும் அல்ல. உங்கள் அட்டையில் இப்போது நிலுவை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு இலட்ச எல்லையில் 95,000 எப்போதும் நிறைந்து நிற்க, மாதாமாதம் 5 வீதம் மட்டும் கட்டுகிறீர்கள் என்றால், இருக்கும் எல்லையே இவருக்குப் போதவில்லை, இன்னும் கொடுத்தால் அதுவும் இப்படித்தான் நிறையும் என்று அதிகாரி நினைப்பார். அதில் தவறும் சொல்ல முடியாது. சீசன் மாதத்து சர்விஸ் சார்ஜை அட்டைக்குப் போட்டு நிலுவையைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்து, இரண்டு மூன்று கூற்றுகளில் அது தெரிந்த பிறகு கேட்பவரின் விண்ணப்பம் வேறு மாதிரி வாசிக்கப்படும். கடனட்டையால் ஏ.டி.எம். இல் காசு எடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் அந்த மாதங்களில் நிறுத்துங்கள். அது கூற்றில் தனி வரியாக நின்று உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

சரி, கிரிப் சுத்தமாக இருக்கிறது, நிலுவையும் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனித் தாள்கள். மூன்றுதான் முக்கியம்: ஆறு மாதச் சம்பளச் சிட்டை, நிறுவனத்தின் சம்பள உறுதிக் கடிதம், சம்பளம் விழும் கணக்கின் ஆறு மாதக் கூற்று. இந்த மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். சிட்டையில் ஜூன் மாதம் 87,000 கைக்கு வந்ததாக இருந்தால், கூற்றிலும் அந்த 87,000 விழுந்திருக்க வேண்டும். ஹோட்டல்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல். சம்பளம் ஒரு நாளிலும் சர்விஸ் சார்ஜ் பத்துப் பதினைந்து நாள் கழித்தும் வரும். கூற்றில் இரண்டு தனி வரவாக இருக்கும், இரண்டாவதன் பெயர் ஏதோ குறியீடாக இருக்கும். அந்த வரிகளைப் பென்சிலால் அடையாளமிட்டு, ஓரத்தில் "சர்விஸ் சார்ஜ், மார்ச்" என்று எழுதிவிடுங்கள். வாசிப்பவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார். கண்ணில் படாவிட்டால் இல்லை என்றே போய்விடும்.

சில இடங்களில் சர்விஸ் சார்ஜை உறையில் காசாகக் கொடுக்கிறார்கள். உங்களுக்கும் அப்படித்தான் என்றால், இந்த மாதத்திலிருந்தே வாங்கிய நாளில் முழுத்தொகையையும் கணக்கில் போட்டுவிட்டு, செலவுக்கு அப்புறம் எடுங்கள். பழைய மாதங்களுக்கு நிறுவனத்தின் கடிதம்தான் ஆதாரம். விண்ணப்பத்துக்கு முன் யாரிடமாவது இரண்டு இலட்சம் வாங்கிப் போட்டு, கூற்று எடுத்ததும் திருப்பிக் கொடுக்கும் வேலையைச் சிலர் செய்வார்கள். சம்பளமும் இல்லாமல், முன்பு வந்த பழக்கமும் இல்லாமல் முழுத்தொகையாக விழுந்து மூன்றாம் நாள் வெளியேறும் பணத்தை எந்த அதிகாரியும் வருமானமாக எடுப்பதில்லை. மற்றத் தாள்கள் மீதும் சந்தேகம் வருவதுதான் மிச்சம்.

உறுதிக் கடிதத்தை மனிதவளப் பிரிவில் கேட்கும்போது "ஒரு சலரி லெட்டர் தாங்க" என்று மட்டும் சொன்னால், இன்னார் இங்கே வேலை செய்கிறார், சம்பளம் இவ்வளவு என்று இரண்டு வரியில் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது: பதவி, சேர்ந்த திகதி, நிரந்தர ஊழியர் என்ற சொல், சேமலாப நிதி இலக்கம், மாத அடிப்படைச் சம்பளம், அதற்குக் கீழே தனி வரியில் "கடந்த ஆறு மாத சர்விஸ் சார்ஜ் சராசரி" என்ற தொகை. நிரந்தர ஊழியர் என்ற சொல் விடுபட்டால், ஒப்பந்தம் எப்போது முடியும் என்ற கேள்வி எழும். கடிதத்தில் கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, நிறுவனத்தின் நிலையான தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் வங்கி அழைத்துப் பார்க்கும். அழைப்பு ரிசெப்ஷனுக்குத்தான் வரும், அதை எடுப்பது நீங்களாகவே இருக்கவும் கூடும்! அப்படி வந்தால் மனிதவளப் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள். யாராவது வங்கியிலிருந்து பேசினால் தெரிந்திருக்கட்டும் என்று அங்கே முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அழைத்தபோது "அப்படி யாரும் கடிதம் கொடுத்ததாகத் தெரியவில்லை" என்று புதிதாக வந்த ஒருவர் சொன்னதால் நின்றுபோன விண்ணப்பங்கள் உண்டு.

ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டுபவர்களிடம், சம்பளத்தில் வரி பிடித்ததற்கு நிறுவனம் ஆண்டுக்கொருமுறை கொடுக்கும் டி-10 சான்றிதழையும் கேட்பார்கள். 2025 ஏப்ரல் முதல் மாதத்துக்கு 150,000 வரை இந்த வரி இல்லை. உங்கள் ஏப்ரல் மாத மொத்தமே 139,000 என்பதால் அது உங்களுக்கு வராது. சிட்டையில் வரி என்று ஒன்றும் இல்லாதது குறை இல்லை.

பிரதிகளைப் பற்றி ஒரு சொல். அடையாள அட்டைப் பிரதியிலும் சிட்டைகளிலும் எழுத்தை மறைக்காதபடி குறுக்கே "கடன் எல்லை உயர்த்தும் விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதித் திகதி போடுங்கள். டவுனில் "நான் அட்டை எல்லை கூட்டித் தருகிறேன்" என்று திரியும் இடைத்தரகர்களிடம் இந்தத் தாள்களைக் கொடுக்கக் கூடாது. கிளையில் நேரே கொடுத்து, ஒரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வங்கியிடம் பதிந்துள்ள உங்கள் மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். அட்டையின் பதினாறு இலக்கத்தையும் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை, கடைசி நான்கு போதும். பின்பக்கத்து மூன்று இலக்கத்தை எந்தக் கடிதத்திலும் எழுதக் கூடாது.

இனிக் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழிலேயே எழுதலாம். உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வரும் என்றால், தலைமையகத்தில் மொழிபெயர்க்கக் காத்திருக்கும் நாட்களை மிச்சப்படுத்த ஆங்கிலத்திலும் எழுதலாம். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

முகாமையாளர்,
கடனட்டைப் பிரிவு.

கடன் எல்லையை உயர்த்துமாறு கோருதல் – அட்டையின் கடைசி நான்கு இலக்கம் ....

மேற்படி அட்டையின் தற்போதைய கடன் எல்லை ரூபா 100,000. அதை நிரந்தரமாக ரூபா 250,000 ஆக உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நுவரெலியாவில் .... ஹோட்டலில் .... ஆம் ஆண்டு முதல் நிரந்தர ஊழியராகப் பணிபுரிகிறேன். மாத அடிப்படைச் சம்பளம் ரூபா 75,000. ஜனவரி முதல் ஜூன் வரையான ஆறு மாதத்தில் சர்விஸ் சார்ஜின் மாதச் சராசரி ரூபா 33,000. இதில் மிகக் குறைந்த மாதம் ஜூன், ரூபா 18,000.

எனது தற்போதைய கடன் பொறுப்பு மோட்டார் சைக்கிள் லீசிங் மட்டுமே. மாதத் தவணை ரூபா 14,500, இன்னும் .... தவணைகள் உள்ளன. ஒரு கடனுக்குப் பிணையாளியாக இருக்கிறேன். அதன் தவணைகள் இன்று வரை ஒழுங்காகச் செலுத்தப்பட்டுள்ளன.

250,000 வழங்க இயலாவிடின், வழங்கக்கூடிய எல்லையையும் அதற்கான காரணத்தையும் அறியத் தருமாறு வேண்டுகிறேன்.

இணைப்பு: சம்பளச் சிட்டைகள் 6, சம்பள உறுதிக் கடிதம், ஆறு மாத வங்கிக் கூற்று, தேசிய அடையாள அட்டைப் பிரதி.

ஒப்பம், பெயர், தொலைபேசி இலக்கம், திகதி.

இதில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். மிகக் குறைந்த மாதத்தை நீங்களே சொல்லிவிட்டால், அதை அதிகாரி தானாகக் கண்டுபிடித்துச் சலிப்படைய மாட்டார். லீசிங்கையும் பிணையையும் மறைக்கவில்லை. கிரிப்பில் எப்படியும் தெரியப்போகிற ஒன்றை எழுதாமல் விட்டால், எழுதாமல் விட்டதே குற்றமாகிவிடும். கடைசிப் பந்தியில் காரணம் கேட்டிருப்பதால், மறுபடி ஒரு வரிப் பதில் வந்தாலும் கிளையில் போய் உட்கார்ந்து "கடிதத்தில் கேட்டிருந்தேனே" என்று சொல்ல உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. பிணையைப் பற்றிய வசனத்தை அறிக்கையைப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும், நண்பரின் வாய்ச்சொல்லை நம்பி எழுதக் கூடாது.

அம்மாவின் சிகிச்சையைக் கடிதத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். நிரந்தர எல்லைக்கு அது காரணமாகாது, வருமானம்தான் காரணம். ஆனால் அந்தத் தேவை ஒரு தடவைக்கானது, அதற்கு வேறு வழியும் இருக்கிறது. தற்காலிக எல்லை என்று கேட்டால், ஓரிரு மாதத்துக்கு மட்டும் கூட்டிக் கொடுக்கும் வங்கிகள் பல. அதற்குத் தனிக் கடிதம் எழுதி, வைத்தியசாலை கொடுக்கும் செலவு மதிப்பீட்டுத் தாளை இணைக்க வேண்டும். அங்கே அம்மாவின் சிகிச்சை முதல் வரியில் வரலாம். நிரந்தர எல்லையை விட இது சீக்கிரம் கிடைக்கும். ஆனால் காலம் முடிந்ததும் எல்லை ஒரு இலட்சத்துக்கே திரும்பிவிடும். அதற்குள் மேலதிகத் தொகையைக் கட்டி முடிக்காவிட்டால், எல்லை மீறிய கட்டணம் வட்டியோடு சேர்ந்து விழும். ஆகஸ்ட் மாத சர்விஸ் சார்ஜை நம்பி ஜூலையில் செலவழித்து, ஆகஸ்டில் மழையும் வெறும் அறைகளுமாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று முதலே யோசித்துவிடுங்கள்.

வைத்தியசாலைப் பில்லைத் தவணையாக மாற்றும் திட்டம் உங்கள் அட்டைக்கு உண்டா என்பதையும் கேளுங்கள். உண்டென்றால், எத்தனை மாதம், கையாளும் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் திட்டத்திலும் முழுத்தொகையும் முதலில் எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். தவணையாக மாற்றாமல் 250,000ஐயும் அட்டையில் விட்டு, வட்டி ஆண்டுக்கு 26 வீதம் என்று வைத்தால், முதல் மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 5,400. நீங்கள் வழக்கம்போல 5 வீதம் கட்டும் 12,500இல் கிட்டத்தட்ட 7,100தான் கடனில் குறையும். உங்கள் வீதம் என்னவென்று கூற்றில் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள். அம்மாவுக்கு அவசரம் இல்லை என்று வைத்தியர் சொன்னால், கண்டி தேசிய வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் காத்திருப்பு எவ்வளவு என்றும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் கடனைப் பற்றிக் கேட்டவரிடம் கடன் வாங்காத வழியையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எப்போது கொடுப்பது? ஜூன் சிட்டை கையில் இருக்கிறது, ஜூலையில் கொடுக்கலாம். சம்பள உறுதிக் கடிதம் ஒரு மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் புதிதாகக் கேட்பார்கள், எனவே மற்ற எல்லாம் தயாரான பிறகு கடைசியாக அதை வாங்குங்கள். கொடுத்து இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் முத்திரை போட்ட பிரதியோடு கிளைக்குப் போங்கள். வங்கி மறுப்பது அதன் உரிமை, அதற்கு முறைப்பாடு செய்ய முடியாது. விண்ணப்பத்தைத் தொலைத்துவிட்டார்கள், கேட்டும் பதிலே தரவில்லை, தவறான கிரிப் பதிவைத் திருத்த மறுக்கிறார்கள் என்றால் முதலில் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கும் தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.